கோலின் நுனியில் 400 கிராம்

திருமலையில் கருவாட்டுக் கழிவையும் மீன்தலையையும் காயவைத்துத் தூளாக்க ஒரு சிறிய அரைக்கும் இயந்திரம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உப்புவெளிப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் சொன்னால் ஏறக்குறைய இப்படித்தான் செய்து தருவார்கள்: நடுவில் ஒரு தண்டு, அதில் ஒரு குடம், குடத்திலிருந்து எதிரெதிராக இரண்டு உருக்குக் கோல்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சுத்தியல் தலை. கோல் 12 மில்லிமீற்றர் விட்டமுள்ள சாதாரண மைல்ட் ஸ்டீல். சுழல் அச்சிலிருந்து சுத்தியல் தலையின் நடு வரைக்கும் 300 மில்லிமீற்றர். தலையின் திணிவு 400 கிராம். கோலின் அடியில் எம்12 மரை வெட்டிக் குடத்துக்குள் முறுக்கியிருக்கிறது. நுனியில் தலைக்கும் கோலுக்கும் குறுக்கே 6 மில்லிமீற்றர் ஓட்டை ஒன்று, அதில் ஒரு பின். மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று. கப்பிகள் இரண்டும் ஒரே அளவு, ஆகவே தண்டும் 1440.

இந்தக் கோல் எங்கே முறியும் என்று கேட்டால், உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்த பிள்ளை “அடியில்” என்று சொல்லும். அங்குதான் இழுவை அதிகம் என்பது காரணம். இழுவை அங்கே அதிகம் என்பது சரி. அங்கேதான் முறியும் என்பது சரியில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இழுவை. சுழலும் கோலை எந்த இடத்தில் வேண்டுமானாலும் மனதுக்குள் ஒரு வாளால் வெட்டுங்கள். அச்சிலிருந்து r தூரத்தில் வெட்டியதாக இருக்கட்டும். வெட்டுக்கு வெளியே ஒரு துண்டுக் கோலும் சுத்தியல் தலையும் இருக்கின்றன. அவை நேர்கோட்டில் பறந்துவிடாமல் வட்டத்தில் சுற்ற வேண்டுமென்றால் யாராவது அவற்றை உள்ளே இழுக்க வேண்டும். இழுக்கக்கூடிய ஒரே ஆள் அந்த வெட்டுமுகம். ஆகவே வெட்டுமுகத்தின் இழுவை, வெளியே உள்ளவற்றின் திணிவையும் அவற்றின் மையநாட்ட ஆர்முடுகலையும் பெருக்கி வருவது. உள்ளே, அடிப்பக்கம் இருக்கும் துண்டுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. இதைத்தான் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: r நீளமுள்ள உள் துண்டின் திணிவை எடுத்து ω²r ஆல் பெருக்கி, அடியில் இழுவை பூச்சியம், நுனியில் அதிகம் என்று வரைந்து வைக்கிறார்கள். நுனியில் ஒன்றும் கட்டியிராத வெறும் கோலுக்கு அந்தப் படம் வந்தால் உடனே சந்தேகப்பட வேண்டும். சுயாதீனமான நுனியை இழுக்க அங்கே யாருமே இல்லை.

அச்சிலிருந்து தலையின் நடு வரையுள்ள தூரம் L என்றால், வெளித் துண்டின் நீளம் L−r. அதன் திணிவு மையம் அச்சிலிருந்து (L+r)/2 தூரத்தில். இரண்டையும் பெருக்கினால் (L²−r²)/2. ஆக, சீரான கோலுக்குத் தொகையிடலே தேவைப்படாமல் விடை வந்துவிடுகிறது:

```
T(r) = M ω² L + ρ A ω² (L² − r²) / 2
σ(r) = T(r) / A
```

இங்கே T இழுவை, σ தகைப்பு, அதாவது ஓரலகுப் பரப்புக்கு வரும் இழுவை, M தலையின் திணிவு, ρ அடர்த்தி, A குறுக்குவெட்டுப் பரப்பு, ω கோண வேகம். பரப்பு இடத்துக்கு இடம் மாறும் கோலென்றால் மட்டும் மெல்லிய துண்டு ஒன்றை எடுத்து dT/dr = −ρAω²r என்று எழுதி, நுனியில் T = Mω²L என்ற நிபந்தனையுடன் தொகையிட வேண்டிவரும். அந்தக் கழித்தல் குறியை மறக்கவேண்டாம். வெளியே போகப் போக இழுவை குறைகிறது என்பதை அதுதான் சொல்கிறது.

இனி இலக்கங்கள். 1440 சுற்று என்பது செக்கனுக்கு 24 சுற்று. 2π ஆல் பெருக்கினால் செக்கனுக்கு 150.8 ஆரையன். அதன் வர்க்கம் 22,740. கோலின் பரப்பு 113.1 சதுர மில்லிமீற்றர், உருக்கின் அடர்த்தி கனமீற்றருக்கு 7850 கிலோகிராம். தலை மட்டும் தரும் இழுவை 0.4 × 22,740 × 0.3, அதாவது 2729 நியூற்றன். கோலின் சொந்தத் திணிவால் அடியில் சேர்வது 908 நியூற்றன். மொத்தம் 3637. இதைப் பரப்பால் பிரித்தால் அடியில் 32.2 மெகாபாஸ்கல், நுனியில் 24.1. ஒரு மெகாபாஸ்கல் என்பது சதுர மில்லிமீற்றருக்கு ஒரு நியூற்றன். பட்டறைக் கணக்குக்கு இந்த அலகைப்போல் வசதியானது வேறில்லை.

சாதாரண மைல்ட் ஸ்டீல் நிரந்தரமாக நீளத் தொடங்குவது 250 மெகாபாஸ்கல் அளவில். 32 என்பது அதில் எட்டில் ஒரு பங்கு. இந்த இடத்தில் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்துபோகிறவர்கள் அதிகம். கொஞ்சம் பொறுங்கள்.

மேலே வந்த வளைகோட்டை ஒருதரம் பார்ப்பது நல்லது. தலையின் பங்கு கோல் நெடுகிலும் ஒரே 24.1 தான். கோலின் சொந்தப் பங்கு மட்டும் அடியில் 8.0 இல் தொடங்கி நுனியில் பூச்சியமாகிறது. அது நேர்கோடாக இறங்குவதில்லை, பரவளைவாக இறங்குகிறது. பாதி வழியில் அது பாதியாகியிருக்கும் என்று நினைத்தால் பிழை: r = 150 இல் இன்னமும் முக்கால்வாசி, 6.0 மெகாபாஸ்கல் இருக்கிறது. அடிக்கு அருகே கோடு ஏறத்தாழக் கிடையாகப் படுத்திருக்கிறது. அச்சிலிருந்து 30 மில்லிமீற்றர் தள்ளி, குடத்தின் வாசலில் பார்த்தாலும் சொந்தப் பங்கு நூற்றில் ஒன்றுதான் குறைந்திருக்கும். குடத்தின் ஆரையைக் கணக்கில் எடுக்கவில்லையே என்று கவலைப்படத் தேவையில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. அடியில் இருக்கும் பலவீனத்தை இரண்டு விரல் தூரம் வெளியே நகர்த்தினால் தப்பலாம் என்ற எண்ணமும் இதனால் அடிபட்டுப் போகிறது.

கையால் கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. இந்தக் கோலின் திணிவு 266 கிராம். அடியில் உள்ள இழுவைக்கு, கோலின் திணிவில் பாதியைத் தலையோடு சேர்த்து நுனியில் வைத்துவிட்டால் போதும்: 400 + 133 = 533 கிராம். அதே கோல் எவ்வளவு நீளும் என்று கேட்டால் பாதியல்ல, மூன்றில் ஒரு பங்கைச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் நீட்சி என்பது வழி நெடுகிலும் உள்ள தகைப்பின் கூட்டுத்தொகை:

```
δ = (M + m/3) ω² L² / (A E)
```

யங்கின் மட்டை 200 கிகாபாஸ்கல் என்று எடுத்தால் விடை 0.044 மில்லிமீற்றர். ஒரு தலைமயிரின் தடிப்புக்கும் குறைவு. கோல் இழுபட்டு நீண்டு சல்லடையில் உரசி எச்சரிக்கை தரும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இந்த இலக்கத்தை மனதில் வைக்கவேண்டும். அப்படியொரு எச்சரிக்கை வரவே வராது.

இனிப் பட்டறையில் அடிக்கடி கேட்கும் அறிவுரை: “தம்பி, பயமெண்டால் கம்பியைத் தடிப்பாப் போடு.” இது அரைவாசி உண்மை. கோலின் சொந்தத் திணிவால் வரும் தகைப்பு ρω²L²/2. அதில் பரப்பே இல்லை. கோலைத் தடிப்பாக்கினால் தாங்கும் பரப்பும் கூடுகிறது, தாங்கவேண்டிய திணிவும் அதே விகிதத்தில் கூடுகிறது, ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. 12 மில்லிமீற்றர் கோலுக்கும் 25 மில்லிமீற்றர் கோலுக்கும் அந்த 8.0 மாறாது. தடிப்பால் குறைவது தலையின் பங்கு மட்டும். 17 மில்லிமீற்றர் கோல் போட்டால் பரப்பு இரட்டிப்பாகி 24.1 என்பது 12 ஆகும், மொத்தம் 20. தலை இல்லாத வெறும் கோலை 50 மில்லிமீற்றர் தடிப்பில் போட்டாலும் ஒரு பைசாப் பயனில்லை. அங்கே நுனியின் வேகம் ஒன்றுதான் பேசும். மைல்ட் ஸ்டீலுக்கு அந்த எல்லை செக்கனுக்கு 250 மீற்றர் அளவு.

அடியில் தடிப்பாகவும் நுனியில் மெல்லியதாகவும் கடைந்தால் சொந்தப் பங்கையும் அடக்கலாம். நெடுகிலும் தகைப்பு ஒரே 24.1 ஆக இருக்க வேண்டுமென்றால் நுனியில் 12 மில்லிமீற்றரும் அடியில் 14.2 மில்லிமீற்றரும் வரும். செய்யலாம். ஆனால் இந்த அளவு இயந்திரத்துக்கு அந்தக் கூம்பல் வேலைக்கான லேத் கூலி வீண் என்பது என் எண்ணம், ஏனென்றால் ஆபத்து இருப்பது வேறு இடத்தில்.

அந்த இடம் நுனியிலுள்ள ஓட்டை. இதுவரை போட்ட கணக்கெல்லாம் கோல் முழுவதும் ஒரே பரப்பு என்ற நினைப்பில் போட்டது. உண்மையான கோலில் மூன்று வெட்டுமுகங்கள் இருக்கின்றன: வெறும் கோல், அடியில் மரை, நுனியில் குறுக்கு ஓட்டை. தகைப்பு வளைகோட்டை நேராக வரையாமல், முதலில் இழுவையை வரைந்து, பிறகு ஒவ்வோர் இடத்திலும் அங்குள்ள மெய்யான பரப்பால் பிரிக்க வேண்டும்.

எம்12 மரையில் கணக்குக்கு எடுக்கும் பரப்பு 84.3 சதுர மில்லிமீற்றர். 3637 ஐ அதனால் பிரித்தால் 43 மெகாபாஸ்கல். நுனியில், 12 மில்லிமீற்றர் வட்டத்தின் நடுவே 6 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு பட்டையை வெட்டியெடுத்தால் இரண்டு பக்கமும் மிஞ்சுவது இரண்டு பிறைகள், மொத்தமாக 44 சதுர மில்லிமீற்றர். விட்டத்தில் பாதிதான் ஓட்டை, ஆனால் போனது பரப்பில் அறுபது சதவீதம். பிறை வடிவத்தைக் கணக்கிடச் சோம்பலாக இருந்தால் 12 × 6 = 72 ஐக் கழித்து 41 என்று எடுங்கள்; பிழை பாதுகாப்பான பக்கம்தான் சாயும். தலையின் 2729 நியூற்றனை 44 ஆல் பிரித்தால் 62 மெகாபாஸ்கல்.

இழுவை எல்லாவற்றிலும் குறைவான நுனியில் தகைப்பு எல்லாவற்றிலும் அதிகம். வெறும் கோலின் அடியைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதுவும் சராசரிதான். ஓட்டையின் விளிம்பில் தகைப்புச் செறிவு என்ற ஒன்று இருக்கிறது; விளிம்பில் மெய்யாக இருப்பது இந்தச் சராசரியைப்போல் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ. அந்தப் பின்னே ஓட்டைச் சுவரை நேராக அழுத்துகிற இதுபோன்ற இணைப்பில் நிலைமை இன்னும் மோசம். ட்ரில் போட்டபின் விளிம்பைச் சீவாமல் கூராக விட்டிருந்தால் வெடிப்பு தொடங்க இடம் தேடி அலைய வேண்டியதில்லை.

பின்னையும் பார்த்துவிடுவோம். அது இரண்டு இடத்தில் வெட்டுண்ண வேண்டும், ஆகவே 6 மில்லிமீற்றர் பின்னின் பரப்பு இரண்டு தரம், 56.5. 2729 ஐப் பிரித்தால் 48 மெகாபாஸ்கல் வெட்டுத் தகைப்பு. மைல்ட் ஸ்டீல் பின் இழுவைக்குத் தாங்குவதில் ஆறில் மூன்றரைப் பங்கு அளவே வெட்டுக்குத் தாங்கும், 145 என்று வையுங்கள். 1440 சுற்றில் பிரச்சினை இல்லை.

பிரச்சினை ஒரு நாள் மத்தியானம் வருகிறது. தூள் போதிய அளவு நைசாக இல்லை, வேகம் கூட்டினால் நல்லது என்று யாரோ சொல்ல, தண்டிலிருந்த நாலு அங்குலக் கப்பியைக் கழற்றி மூன்று அங்குலக் கப்பி போடுகிறார்கள். தண்டு இப்போது 1920 சுற்று. வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. ஆனால் எல்லாத் தகைப்பும் வர்க்கத்தில் ஏறுவதால் 1.78 மடங்காகிறது. ஓட்டையில் 62 ஆக இருந்தது 110. இன்னும் உடையாது. உடையவில்லை என்பதே அடுத்த துணிச்சலுக்குக் காரணமாகிறது.

அடுத்த துணிச்சல் மோட்டார் எரிந்து போகும்போது வரும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். நாலு துருவ மோட்டார் 1500 க்குக் கொஞ்சம் கீழே ஓடும், இரண்டு துருவ மோட்டார் 3000 க்குக் கொஞ்சம் கீழே. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். குதிரைவலு ஒன்றாக இருந்தால் இரண்டு துருவ மோட்டார் சிறியது, பெரும்பாலும் விலையும் குறைவு. தகட்டிலுள்ள சுற்று இலக்கத்தைப் பார்க்காமல், பழைய சம அளவுக் கப்பிகளுடன் அதை மாட்டினால் தண்டு ஏறத்தாழ 2880. எல்லாமே நாலு மடங்கு. வெறும் கோலின் அடியில் 129, பாதி எல்லை, பரவாயில்லை. மரையில் 173. ஓட்டையில் 247 மெகாபாஸ்கல், செறிவைச் சேர்க்காமலேயே எல்லை. பின்னில் 193, அதன் எல்லை 145. பின் இழுபட்டு, வளைந்து, வெட்டுண்ணும். அடியின் 129 ஐ மட்டும் பார்த்துவிட்டுப் பாதுகாப்புக் காரணி இரண்டு என்று எழுதியவர் கணக்கில் எந்தப் பிழையும் இருக்காது; தலை மட்டும் கூரையில் இருக்கும்.

அப்படிக் கழன்ற தலை என்ன வேகத்தில் போகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1440 இல் செக்கனுக்கு 45 மீற்றர். 2880 இல் 90 மீற்றர், மணிக்கு 326 கிலோமீற்றர். சக்தி 1640 யூல். அதே 400 கிராமை நானூறு மீற்றருக்கு மேல் உயரத்திலிருந்து போட்டதற்குச் சமம்.

கணக்கில் அடிக்கடி நடக்கும் பிழைகள் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று ω. செக்கனுக்கு 24 சுற்று என்பதை அப்படியே ω என்று போட்டால் விடை நாற்பது மடங்கு குறைவாக வரும், 32 க்குப் பதில் 0.8. குறைவான விடை யாரையும் உறுத்துவதில்லை என்பதால் இது ஆபத்தான பிழை. மாறாக 1440 ஐ அப்படியே போட்டால் தொண்ணூறு மடங்கு கூடி, அடியில் 2900 மெகாபாஸ்கல் வரும். அது தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். மற்றது L. நுனித் திணிவுக்குரிய L, கோல் முடியும் இடமல்ல, தலையின் திணிவு மையம். 50 மில்லிமீற்றர் நீளமான தலையைக் கோலின் முனையில் வைத்து ஒட்டினால் அதன் மையம் 25 மில்லிமீற்றர் வெளியே போய்விடும். 300 என்பது 325 ஆகி, தலையின் இழுவை எட்டு சதவீதம் கூடும். எங்கள் எடுத்துக்காட்டில் தலை கோலின் மேல் ஏறி நிற்கிறது, பின்னும் தலையின் நடுவில் போகிறது, ஓட்டைக்கு வெளியே நீண்டிருக்கும் கோல் நுனியும் அந்த 400 கிராமுக்குள் அடங்குகிறது என்று எடுத்திருக்கிறேன்.

புவியீர்ப்பை விட்டுவிட்டீர்களே என்று யாரும் கேட்கலாம். தலையின் நிறை 3.9 நியூற்றன், மையநாட்ட இழுவை 2729. விடலாம்.

விடக்கூடாதது ஒன்று இருக்கிறது, அது அச்சு வழித் தகைப்பல்ல, வளைவு. மோட்டாரை நேராகச் சுவிட்சைப் போட்டுக் கிளப்பினால் ஒரு செக்கனுக்குள் 1440 ஐ எட்டிவிடும் என்று வையுங்கள். தலையையும் கோலையும் பக்கவாட்டில் முடுக்க அடியில் 6.6 நியூற்றன் மீற்றர் திருப்பம் வேண்டும். 12 மில்லிமீற்றர் கோலில் அது 39 மெகாபாஸ்கல் வளைவுத் தகைப்பு. அச்சு வழியாக வரும் 32 ஐ விட அதிகம்! வேகத்தை எட்டும் கடைசிக் கணத்தில் இரண்டும் ஒன்றாக இருக்கின்றன, ஆகவே வெறும் கோலிலேயே ஒரு பக்கத்தில் 71. கெட்டியான எலும்பில் தலை மோதும்போது வரும் அடி இதற்கு மேல் வேறு. வணிகச் சுத்தியல் ஆலைகளில் சுத்தியல்களை இறுக்காமல் அடியில் ஒரு பின்னில் தொங்கவிட்டு ஆடவிடுவது இதனால்தான்: ஆடும் அடியில் வளைவு நிற்காது, மிஞ்சுவது நாம் போட்ட அச்சு வழி இழுவை மட்டும். குடத்துக்குள் மரை போட்டு இறுக்கிய கோலுக்கு இந்தக் கட்டுரையின் சூத்திரம் பாதிக் கதைதான். மரை வெட்டிய அடி அந்த வளைவையும் வாங்குகிறது என்பதால், அங்கும் ஒரு கண் இருக்கட்டும்.

திருமலைக்கென்று உள்ள கேடு உப்பு. கிழக்குக் கரையில் வாடைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும், தொழில் குறையும், கருவாட்டுக் கழிவும் குறையும், இயந்திரம் மூலையில் படுத்திருக்கும். வாடைக்காற்று கடலிலிருந்து நேரே கரைக்கு அடிக்கிற மாதங்களும் அவைதான். மீன்தூளில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. அதில் ஈரக்காற்றும் சேர்ந்தால் பின்னுக்கும் ஓட்டைக்கும் இடையிலுள்ள அந்த மயிரிழை இடைவெளி துருவுக்கு நல்ல வீடு. வெளியே தெரியும் துரு அவ்வளவு கேடில்லை. கோல் சுற்றிவரத் துருப்பிடித்து 12 இலிருந்து 11 மில்லிமீற்றர் ஆனாலும் போவது பரப்பில் பதினாறு சதவீதம். ஓட்டைக்குள்ளே உண்டாகும் சிறு சிறு குழிகள்தான் கேடு: ஒவ்வொன்றும் ஏற்கெனவே இரண்டு மடங்கான தகைப்பை இன்னும் ஒரு படி செறிய வைக்கிறது.

ஒவ்வொரு தரம் இயந்திரத்தைக் கிளப்பி நிறுத்தும்போதும் அந்த விளிம்பு பூச்சியத்திலிருந்து உச்சத்துக்கும் உச்சத்திலிருந்து பூச்சியத்துக்கும் ஒரு முறை போய்வருகிறது. 1920 சுற்றில் சராசரி 110, விளிம்பில் 220 அல்லது அதற்கு மேல். கொஞ்சம் கொஞ்சமாக அரைத்து, இடையிடையே நிறுத்திச் சல்லடையைத் தட்டும் வேலையில் ஒரு நாளைக்கு இருபது தரம் நிறுத்துவது சாதாரணம். அடிகளின் அதிர்வு இதற்கு மேலாக, செக்கனுக்குப் பலமுறை. உப்புத் துருவுக்குள் இருக்கும் உருக்குக்கு, இந்த அளவுக்குக் கீழே எத்தனை தரம் இழுத்தாலும் களைக்காது என்று சொல்லும்படியான எல்லை எதுவும் கிடையாது. உலர்ந்த இடத்தில் வருடக்கணக்கில் ஓடும் இணைப்பு இங்கே ஓடாது.

முறிந்த துண்டு கைக்கு வந்தால் முகத்தைக் கழுவிப் பாருங்கள். களைப்பில் போனதென்றால் ஓட்டை விளிம்பிலிருந்து தொடங்கி, அலை வந்து வந்து பின்வாங்கிய ஈரமணலில் இருப்பதுபோல் வரிவரியான, ஏறத்தாழ வழவழப்பான ஒரு பகுதி இருக்கும். அதற்கப்பால் கரடுமுரடான ஒரு சிறு பகுதி, கடைசியில் ஒரே இழுவையில் கிழிந்தது. அந்த வரிப் பகுதி பழுப்பாகத் துருவேறியிருந்தால் வெடிப்பு நெடுநாளாகத் திறந்திருந்தது என்று அர்த்தம். வரியே இல்லாமல் முழுமுகமும் கரடாக, ஓட்டை நீள்வட்டமாக இழுபட்டு இருந்தால் அது களைப்பல்ல, வேகம் மீறியது. மோட்டார்த் தகட்டைப் போய்ப் பாருங்கள்.

முறியுமுன் பிடிப்பதற்கு: பின்னைத் தட்டிக் கழற்றி, ஓட்டையை வேணியர் இடுக்கியால் கோலின் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் 0.2 மில்லிமீற்றர் வித்தியாசம் வந்தாலே ஓட்டை இழுபடத் தொடங்கிவிட்டது. பின்னைக் கண்ணாடித் துண்டின் மேல் உருட்டிப் பாருங்கள், வளைந்திருந்தால் தத்தும். வெடிப்புக்கு, சாயம் பூசிப் பார்க்கும் ஸ்பிறே கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் பழைய முறை போதும். கம்பித் தூரிகையால் துருவை நீக்கி, மண்ணெண்ணெய்யைப் பூசி, அரைமணி நேரம் விட்டு, உலரத் துடைத்து, கரும்பலகைச் சுண்ணக்கட்டியைத் தூளாக்கிப் பூசுங்கள். வெடிப்புக்குள் போன மண்ணெண்ணெய் வெண்தூளில் ஒரு மெல்லிய கோடாகக் கசியும். பின்னைச் சுற்றிச் செந்தூள் கசிந்து படிந்திருப்பதைக் கண்டால் இந்தச் சோதனைக்கும் காத்திருக்க வேண்டாம். உள்ளே இரண்டு இரும்பும் உராய்கின்றன.

மாற்றிச் செய்வதென்றால் ஓட்டையையே இல்லாமல் செய்வதுதான் நல்ல வழி. 17 அல்லது 18 மில்லிமீற்றர் கம்பியை எடுத்து, நுனியில் 10 மில்லிமீற்றர் நீளத்தைத் தடிப்பாகவே விட்டு, மிச்சத்தை 12 க்குக் கடையுங்கள். தடிப்பு மாறும் மூலையில் கூர் உளி வேண்டாம், 2 மில்லிமீற்றர் ஆரையில் வளைவு விடுங்கள். தலையின் துளையிலும் அதற்கேற்ப விளிம்பைச் சீவவேண்டும். இல்லாவிட்டால் தலை அந்த வளைவின் மேல் ஏறி உட்காரும். தலையை அடிப்பக்கத்தால் கோலில் ஏற்றி, நுனித் தோளில் முட்டவிட்டு, அதன்பின் கோலைக் குடத்தில் முறுக்குங்கள். இப்போது தலை வெளியே போக முயன்றால் தோளைத்தான் அழுத்தும்; ஓட்டையும் இல்லை, வெட்டுண்ண ஒரு பின்னும் இல்லை. தோளும் தலையுடன் சுற்றும் திணிவுதான், நிறுக்கும்போது சேர்த்து நிறுங்கள். இயந்திரம் ஓடாதபோது தலை உள்ளே வழுக்காமலிருக்க ஒரு சிறு திருகு போதும், ஆனால் அதற்காகக் கோலில் குழி போடாதீர்கள். கழுத்துப்பட்டை ஒன்றைப் போட்டு இறுக்குங்கள். மிக அதிகமான தகைப்பு இப்போது குடத்து மரைக்குப் போய்விடுகிறது, 1440 இல் 43. வளைவும் அங்கேதான் என்பதால் 16 மில்லிமீற்றர் மரை வருமாறு அடியைத் தடிப்பாக விடலாமே என்று தோன்றும். அப்படி விட்டால் தலையை அடிப்பக்கத்தால் ஏற்ற முடியாது. இரண்டையும் ஒன்றாக அடைய ஒரே வழி தலையை இரண்டு பாதியாகப் பிளந்து போல்ட்டால் இறுக்குவது, அதில் புதிதாக நாலு போல்ட்டின் கவலை வந்து சேரும். இந்த அளவு இயந்திரத்துக்கு 12 ஓடு நிற்பதே புத்தி.

இரண்டு தலையையும் தனித்தனியே தராசில் வையுங்கள். பத்துக் கிராம் வித்தியாசம் இருந்தால் 1440 இல் 68 நியூற்றன் தண்டைச் சுற்றிச் சுற்றி இழுக்கும், செக்கனுக்கு 24 தரம்; பெயரிங் அதைத் தாங்கும், போல்ட்டுகள் தளரும். இரண்டு கிராமுக்குள் கொண்டுவர ஒரு அரம் போதும். வாடை முடிந்து முதல் நாள் இயந்திரத்தைக் கிளப்பும்போது, உள்ளே ஒன்றும் போடாமல், தண்டின் முனைப்பக்கமாக நின்று சுவிட்சைப் போடுங்கள். கோல்கள் சுழலும் தளத்துக்கு நேரே, கொட்டிலுக்கு வெளியே இருந்தாலும், அந்த ஐந்து நிமிடமும் யாரும் நிற்கவேண்டாம்.